கடை அலமாரியில் எந்தப் பை முதலில் கண்ணில் படும்?

சாமையை அறுவடை செய்து, தோல் நீக்கி, கல் பொறுக்கி, அரை கிலோ பைகளில் அடைத்து விற்கத் தொடங்கும் உழவர் குழுக்கள் பலவும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன. பைக்கு வடிவமைப்பு செய்பவர் நான்கு படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். குழுவில் உள்ளவர்கள் அதைப் பார்த்து "இரண்டாவது நல்லா இருக்கு", "மூணாவதில் நம்ம வயல் இருக்கு, அதையே போடலாம்" என்று சொல்கிறார்கள். அதிகம் பேர் சொன்னது அச்சுக்குப் போகிறது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், கடைக்காரர் பாதிப் பைகளைத் திருப்பிக் கொடுக்கிறார். அரிசியில் குறை இல்லை, விலையிலும் குறை இல்லை. வாங்க வந்தவர்கள் கண்ணில் அந்தப் பை படவே இல்லை.

இதில் இழப்பு பெரியது. கிராவூர் முறையில் பை அச்சிட ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். படத்தை மாற்றினால் அந்தச் சிலிண்டர்கள் பெரும்பாலும் வீண்; பணம் மறுபடி கட்ட வேண்டும். அச்சகங்கள் நூற்றுக்கணக்கான கிலோ பைச்சுருளுக்குக் குறைந்து அச்சிட ஒப்புவதும் அரிது. இன்னொரு பக்கம், தவிட்டுடன் உள்ள சாமை அரிசியில் கொழுப்பு இருப்பதால், விற்காமல் தேங்கினால் சிக்கு வாடை வரும், வண்டு விழும். ஆகவே எந்தப் படம் என்பதை சிலிண்டர் செய்யும் முன்பே சோதித்து முடிவு செய்துவிட வேண்டும். அதற்கு விளம்பர நிறுவனம் தேவையில்லை. வயலில் இரகங்களை ஒப்பிட நாம் போடும் சோதனைத் திடலின் விதிகளே இங்கும் போதும்.

செல்போன் திரை ஏன் ஏமாற்றுகிறது?

செல்போனில் பார்க்கும்போது ஒரு பை திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் வெள்ளை. போட்டிக்கு வேறு பை இல்லை. பார்ப்பவர் அரை நிமிடம் உற்றுப் பார்க்கிறார். கடையில் இந்த மூன்றுமே கிடையாது. அங்கே நம் பை பதினான்கு சென்டிமீட்டர் அகலத்தில், இருபது முப்பது பைகளுக்கு நடுவே, ஒரு மீட்டர் தூரத்தில் நிற்கிறது. வாங்குபவரின் பார்வை ஒரு தட்டை ஒன்றிரண்டு விநாடியில் கடந்துவிடுகிறது.

அதனால் "எந்தப் படம் அழகு?" என்ற கேள்வியும் "எந்தப் படம் கூட்டத்தில் தெரியும்?" என்ற கேள்வியும் வேறு வேறு. அழகு என்பது பையிடம் மட்டும் உள்ள குணம். கூட்டத்தில் தெரிவது பக்கத்தில் இருப்பவற்றைப் பொறுத்தது. நெல் வயலில் குதிரைவாலிப் புல் இளம்பருவத்தில் தப்பித்துக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். அதன் நிறமும் இலையும் நெல்லைப் போலவே இருப்பதால் களையெடுக்கும் கை அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அதே புல் நிலக்கடலைக் காட்டில் முளைத்தால் தூரத்திலிருந்தே தெரியும். புல் மாறவில்லை, பக்கத்துப் பயிர்தான் மாறியது.

ஐ.நா. சபை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த காலத்தையொட்டி நம் ஊர்க் கடைகளிலும் சிறுதானியப் பைகள் பெருகின. அவற்றில் பலவும் ஒரே மாதிரி: பழுப்புக் காகித நிறம், பச்சை இலை, மூலையில் ஒரு கதிர். முதலில் வந்த பைக்கு இந்த வேடம் உதவியிருக்கலாம். பத்துப் பைகள் அதே வேடத்தில் நின்றால் பதினோராவது பை மறைந்துவிடும்.

நான்கு மாதிரிகள்

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். மலையடிவாரக் குழு ஒன்று அரை கிலோ சாமை அரிசி விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் கையில் நான்கு மாதிரிகள் இருக்கின்றன.

அ: பழுப்பு நிறப் பை, நடுவே பித்தளைப் பாத்திரத்தில் சாமைச் சோறு. குழு இப்போது ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் பையும் ஏறக்குறைய இதுதான். ஆகவே இது நம் ஒப்பீட்டு இரகம்.

ஆ: பச்சைப் பின்னணியில் உள்ளங்கை நிறையச் சாமை அரிசி, மிக நெருக்கத்தில் எடுத்த படம்.

இ: சாமைக் காட்டில் கதிர் அறுக்கும் பெண், பின்னால் மலை, வானம்.

ஈ: கருநீலப் பை, வெள்ளையில் பெரிய எழுத்து, கீழ் மூலையில் கொஞ்சம் அரிசி மணிகள்.

முதல் சலிப்பு வீட்டிலேயே

கடைக்குப் போகும் முன் மூன்று எளிய சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். இவை வெற்றி பெறும் படத்தைச் சொல்லாது. தேறாத படத்தை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

முதலாவது, கண்ணை இடுக்கிப் பார்ப்பது. மாதிரியை உண்மையான அளவில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, மூன்று மீட்டர் தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நுணுக்கங்கள் அழிந்து பெரிய வடிவம் மட்டும் மிஞ்சும். அப்போதும் ஒரு தெளிவான வடிவம் தெரிகிறதா? 'இ' மாதிரியில் பெண், கதிர், மலை, வானம் எல்லாம் கலந்து சாம்பல் திட்டாகிவிடும். படத்தில் அந்தப் பெண்ணின் முகம் இரண்டு சென்டிமீட்டர்தான். அதன் புன்னகையைக் கையில் எடுத்தவர்தான் பார்க்க முடியும். 'ஆ' மாதிரியில் ஆயிரம் மணிகள் மணல் போல ஒன்றாகிவிடும். ஒரே பெரிய பொருள், எளிய பின்னணி என்று உள்ள படங்களே இதில் நிற்கும்.

இரண்டாவது, கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது. செல்போனில் படத்தைத் திருத்தும் இடத்திலேயே நிறத்தை நீக்கலாம். தொலைவிலிருந்து ஒரு வடிவத்தைப் பிரித்துக் காட்டுவதில் நிறத்தைவிட வெளிச்ச வேறுபாட்டுக்குப் பங்கு அதிகம். பழுப்புப் பையில் பித்தளைப் பாத்திரம் நிறப்படத்தில் அழகாக இருக்கும். நிறத்தை நீக்கினால் பையும் பாத்திரமும் ஒரே சாம்பல். சிவப்பு எழுத்தைப் பச்சைப் பின்னணியில் போட்டாலும் இதே கதிதான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அது நிறப்படத்திலும் தெரியாது. இப்படி மறையாத இணை வெளிர் பொருளும் அடர் பின்னணியும், அல்லது அடர் பொருளும் வெளிர் பின்னணியும்.

மூன்றாவது, எழுத்தளவு. நல்ல பார்வை உள்ளவர் மூன்று மீட்டர் தூரத்திலிருந்து தட்டுத்தடுமாறிப் படிக்கக்கூடிய எழுத்தின் உயரம் சுமார் நாலரை மில்லிமீட்டர். அது நல்ல வெளிச்சத்தில், நின்று பார்த்தால். கண்ணாடி போடாமல் கடைக்கு வருபவர், மங்கிய ட்யூப் லைட், நடந்துகொண்டே பார்ப்பது இவற்றையெல்லாம் சேர்த்தால் அதைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல், அதாவது பதினைந்து மில்லிமீட்டராவது வேண்டும். 'சாமை அரிசி' என்ற இரண்டு சொல்லும் அந்த அளவில் இருக்கட்டும். குழுவின் நீளமான பெயர் சிறிதாக இருந்தால் குறையில்லை.

அலமாரியே சோதனைத் திடல்

இனி கடைக்குப் போவோம். எந்தக் கடை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் வாங்குபவர் ஒரு மீட்டர் தூரத்தில் நடந்து போகிறார். மளிகைக் கடையில் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, இரண்டரை மீட்டர் தள்ளியிருக்கும் தட்டைப் பார்க்கிறார். ஒன்றில் வென்ற படம் மற்றதில் வெல்லும் என்று சொல்ல முடியாது. உங்கள் சரக்கு எங்கே அதிகம் போகிறதோ அங்கே சோதியுங்கள்.

நான்கு மாதிரிகளையும் உண்மையான அளவில் வண்ண அச்செடுங்கள். அரை கிலோ அரிசி நிரப்பிய வெற்றுப் பைகள் மேல் அவற்றைச் சுற்றி ஒட்டுங்கள். தட்டையான காகிதத்தை அலமாரியில் சாய்த்து வைத்துப் பார்ப்பது பயன்படாது. அரிசி நிரம்பினால் பை உப்பும், படத்தின் ஓரங்கள் வளைந்து பின்னால் போகும். நிமிர்ந்து நிற்கும் பவுச்சில் அடிமடிப்பு ஒரு பங்கை விழுங்கும், விலைச்சீட்டுப் பட்டை இன்னொரு பங்கை மறைக்கும். 'ஈ' மாதிரியில் கீழ் மூலையில் போட்ட அரிசி மணிகள் காணாமல் போவது இந்தக் கட்டத்தில்தான் தெரியும்.

கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கூட்டம் இல்லாத நேரத்தில், அவர் உங்களுக்கு உண்மையில் தரக்கூடிய தட்டில் பையை வையுங்கள். புதிய குழுவுக்குக் கண் மட்டத் தட்டு எளிதில் கிடைக்காது. அடித்தட்டுதான் கிடைக்கும் என்றால் அங்கேயே வையுங்கள். ஒரே ஒரு பை முன்வரிசையில் நிற்கட்டும்; மூன்று பைகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் எந்தப் படமும் நன்றாகத் தெரியும். பிறகு, நிற்பவரின் கண் உயரத்திலிருந்து படம் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஜூம் வேண்டாம். முதல் மாதிரியை எடுத்ததும் அதே இடத்தில் இரண்டாவதை வைத்து, அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். பக்கத்துப் பைகள் ஒன்றும் நகரக் கூடாது.

இங்கே ஒரு திருத்தம் தேவை. வயலில் மேட்டுப் பகுதியும் பள்ளப் பகுதியும் ஒரே விளைச்சல் தராது. வரப்போரப் பயிர் நடுவயல் பயிரைவிடச் செழிப்பாக நிற்கும். அலமாரியும் அப்படித்தான். தட்டின் நடுவும் ஓரமும் ஒன்றல்ல; வெள்ளைப் பைக்குப் பக்கமும் பழுப்புப் பைக்குப் பக்கமும் ஒன்றல்ல. ஆகவே அந்தத் தட்டில் நான்கு இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு மாதிரியையும் நான்கு இடத்திலும் வைத்துப் படம் எடுங்கள். மொத்தம் பதினாறு படங்கள். எல்லா இரகமும் எல்லா மண்ணிலும் ஒருமுறை நட்டாயிற்று.

படத்தை எந்த அளவில் காட்டுவது?

இந்தப் பதினாறு படங்களைச் செல்போன் திரையில் காட்டினால், பை சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருங்கிவிடும், சோதனை கெட்டுவிடும். ஏ3 தாளில் அச்செடுங்கள். தட்டின் அகலம் 120 சென்டிமீட்டர், தாளில் அது 40 சென்டிமீட்டர் என்றால் படம் உண்மையில் மூன்றில் ஒரு பங்கு. அப்போது பார்க்கும் தூரத்தையும் மூன்றில் ஒரு பங்காக்கினால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு மீட்டர் தூரத்துச் சூப்பர் மார்க்கெட் தட்டுக்கு 33 சென்டிமீட்டரிலும், இரண்டரை மீட்டர் தூரத்து மளிகைக் கடைத் தட்டுக்கு 83 சென்டிமீட்டரிலும் தாளைப் பிடித்துக் காட்ட வேண்டும். ஒரு நூலை அந்த நீளத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டால் அளவு தவறாது.

யாரிடம், என்ன கேட்பது?

குழு உறுப்பினர்களிடமும் உறவினர்களிடமும் கேட்கக் கூடாது. அவர்களுக்கு எது நம் பை என்று முன்பே தெரியும். சந்தையில், பேருந்து நிலையத்தில், கடை வாசலில், வீட்டுக்கு மளிகை வாங்குபவர்களிடம் கேளுங்கள். ஒருவருக்கு ஒரு படம் மட்டுமே காட்ட வேண்டும். ஒரு மாதிரியைப் பார்த்துவிட்டவர் அடுத்த படத்தில் எது மாறியிருக்கிறது என்றுதான் தேடுவார். மாதிரிக்கு இருபது பேர் என்று எண்பது பேர் போதும். இருபது பேரில் ஐந்தைந்து பேருக்கு ஓர் இடத்துப் படம். யாருக்கு எந்தப் படம் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். காலையில் வந்த முதியவர்களுக்கு ஒரு படமும் மாலையில் வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு இன்னொரு படமும் போய்விடக் கூடாது.

கேட்கும் விதம் முக்கியம். "அக்கா, ஒரு கடை அலமாரி காட்டுறேன், பார்த்துட்டுச் சொல்லுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சாமை என்றோ, புதுப் பை என்றோ வாய் திறக்கக் கூடாது. ஐந்து விநாடி காட்டித் தாளைத் திருப்பிவிடுங்கள். பிறகு "என்னென்ன பை ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் நம் பை வந்தால் ஒரு கோடு. அடுத்து, நம் பையைச் சொன்னவரிடம் மட்டும் "அதுக்குள்ள என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டு, பதிலை அப்படியே எழுதுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். எதிரில் நிற்பவரின் மனம் நோகாமல் பதில் சொல்வதுதான் நம் மக்களின் வழக்கம். எல்லாப் பையும் பிடித்திருக்கிறது என்பார்கள்.

எண்ணிக்கையைப் படிப்பது

நம் எடுத்துக்காட்டுக் குழுவுக்கு இப்படி விடை வந்தது என்று கொள்வோம். இருபது பேரில் நம் பையைச் சொன்னவர்கள்: 'அ' 7, 'ஆ' 6, 'இ' 7, 'ஈ' 15.

முதல் மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் தற்செயல். நாளை வேறு இருபது பேரிடம் கேட்டால் 'ஆ' எட்டாகவும் 'அ' ஐந்தாகவும் மாறலாம். இருபது பேர் சோதனையில் ஏழுக்குக் குறைந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். 'ஈ' மற்றவற்றைவிட எட்டு, ஒன்பது கூடுதல். அது உண்மையான வேறுபாடு என்று நம்பலாம். பழுப்பும் பச்சையும் நிறைந்த தட்டில் கருநீலம் ஒன்றுதான் தனித்து நின்றது.

இத்துடன் முடிவு செய்து அச்சுக்கு அனுப்பினால்தான் ஆபத்து. இரண்டாவது கேள்வியின் பதில்களைப் பாருங்கள். 'ஈ' பையைச் சொன்ன பதினைந்து பேரில் ஏழு பேர் அதைச் சலவைத்தூள் என்றார்கள். மூன்று பேர் உப்பு என்றார்கள். அரிசி அல்லது சிறுதானியம் என்று சொன்னவர்கள் ஐந்து பேர். 'இ' பையைச் சொன்ன ஏழு பேரில் நான்கு பேர் விதைப் பாக்கெட் என்று நினைத்தார்கள். காட்டையும் கதிரையும் பையில் போட்டு விற்பவை விதையும் உரமும்தானே, அவர்களைக் குறை சொல்ல முடியாது. 'ஆ' பையைச் சொன்ன ஆறு பேரில் நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள். 'அ' பையைச் சொன்ன ஏழு பேரில் ஆறு பேர் சரியாகச் சொன்னார்கள். சோறு இருக்கும் பாத்திரம் பொய் சொல்லாது.

ஆகவே நமக்கு வேண்டிய எண் 'பார்த்தவர்கள்' அல்ல, 'பார்த்து, என்னவென்று அறிந்தவர்கள்'. அந்தக் கணக்கில் இருபதுக்கு 'அ' 6, 'ஆ' 4, 'இ' 3, 'ஈ' 5. நான்கும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றும் தேறவில்லை என்பதுதான் சோதனை சொல்லும் விடை. குழு இதைக் கேட்டுச் சோர்ந்துபோகத் தேவையில்லை. 'ஈ' தனித்துத் தெரிகிறது, ஆனால் பொருளைச் சொல்லவில்லை. 'அ' பொருளைச் சொல்கிறது, ஆனால் தனித்துத் தெரியவில்லை. இரண்டு குறையும் இரண்டு வெவ்வேறு உறுப்புகளில் இருக்கின்றன: ஒன்று படத்தில், இன்னொன்று பின்னணி நிறத்தில்.

ஒட்டுச் செடி

வேர் ஒன்றிலும் கிளை ஒன்றிலும் நன்றாக இருந்தால் நாம் ஒட்டுக் கட்டுவோம். குழுவும் அதையே செய்கிறது. 'ஈ' பையின் கருநீலம் அப்படியே இருக்கிறது. மூலையிலிருந்த அரிசி மணிகளுக்குப் பதிலாக, 'அ' பையில் இருந்தது போல ஒரு பாத்திரம் சாமைச் சோறு. ஆனால் பித்தளை இல்லை. வெள்ளைக் கிண்ணம், வெள்ளைச் சோறு. கருநீலத்தின் மேல் வெள்ளை என்பதால் கறுப்பு வெள்ளைச் சோதனையில் அது விளக்கு போலத் தெரியும். கிண்ணம் பையின் மேல்பாதியில் இருக்கிறது. அடித்தட்டில் பை நின்றால் மேலிருந்து பார்ப்பவருக்கு மேல்பாதிதான் தெரியும், அடிமடிப்பும் அதைத் தொடாது. அதற்குக் கீழே 'சாமை அரிசி' என்று பதினைந்து மில்லிமீட்டர் எழுத்து.

இதை ஐந்தாவது மாதிரியாக, அதே நான்கு இடங்களில் வைத்துப் படமெடுத்து, புதிதாக இருபது பேரிடம் காட்டுகிறார்கள். பதினாறு பேர் பையைச் சொல்கிறார்கள், அதில் பதினான்கு பேர் அரிசி அல்லது சிறுதானியம் என்கிறார்கள். ஒப்பீட்டு இரகமான 'அ' பையின் ஆறுக்கு எதிராகப் பதினான்கு. வித்தியாசம் எட்டு. இப்போது அச்சகத்துக்குப் பேசலாம். இந்த எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் தட்டில் நீலப் பைகள் நிறைய இருந்தால், உங்களுக்கு வெல்லும் நிறம் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருக்கலாம். நிறத்தை இந்தக் கட்டுரையிலிருந்து எடுக்காதீர்கள். முறையை மட்டும் எடுங்கள்.

அச்சில் என்ன கெடும்?

திரையில் தெரியும் நிறம் ஒளியால் ஆனது, பையில் வரும் நிறம் மையால் ஆனது. ஒளிரும் பச்சை, ஆரஞ்சு, அடர் நீலம் ஆகியவை நான்கு வண்ண மையில் மங்கிவிடும். பையின் பெரும் பரப்பு ஒரே நிறம் என்றால், அதற்கென்று கலந்த தனி மையில் அச்சிட முடியுமா, அதற்கு எத்தனை சிலிண்டர் கூடும் என்று கேளுங்கள். சிலிண்டர் செய்யும் முன் அச்சகம் தரும் மாதிரி அச்சைத் திரையில் பார்த்து ஒப்பாதீர்கள். காகிதத்தில் வாங்கி, அதே கடை அலமாரிக்கு எடுத்துப் போய் ட்யூப் லைட்டின் கீழ் பாருங்கள்.

பளபளக்கும் பிலிமில் விளக்கு வெளிச்சம் வெள்ளைக் கோடாக விழும். அது கிண்ணத்தின் மேல் விழுந்தால் படம் பாதியில் அறுந்தது போல் இருக்கும். மேட் பூச்சில் இந்தக் கண்கூச்சம் குறைவு. ஆனால் அடர் நிறம் சற்று வெளிறித் தெரியும். இரண்டிலும் ஒவ்வொரு வெற்றுப் பை கேட்டு வாங்கி அலமாரியில் வைத்துப் பார்ப்பதே வழி. அரிசி தெரியும்படி பையில் ஒளிபுகும் சாளரம் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவிட்டுடன் உள்ள அரிசியில் வெளிச்சம் பட்டால் சிக்கு வாடை விரைவில் வரும். வைப்பதானால் பின்பக்கம் சிறிதாக வையுங்கள்.

படத்துக்கும் சட்டம் உண்டு

முன்பக்கத்தைப் படமே நிறைத்துவிட முடியாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி உணவின் பெயர் முன்பக்கம் இருக்க வேண்டும். சைவக் குறி, அதாவது பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், பெயருக்கு அருகில் இருக்க வேண்டும். நிகர எடையும் முக்கியக் காட்சிப் பக்கத்தில் வர வேண்டும். கருநீலப் பையில் பச்சைக் குறி அமுங்கிப் போகும். அதற்கு வெள்ளைத் திட்டு ஒன்று விட்டு வையுங்கள். இவற்றை ஒட்டிய பிறகே சோதனைப் படம் எடுக்க வேண்டும். வெறும் படத்தைச் சோதித்துவிட்டுப் பிறகு இவற்றைச் சேர்த்தால், சோதித்த பை வேறு, விற்கும் பை வேறு ஆகிவிடும்.

தவறான எண்ணம் தரும் படத்தையும் விதிகள் அனுமதிப்பதில்லை. கிண்ணத்துச் சோற்றின் மேல் முந்திரியும் நெய்யும் மிதந்தால் படம் பளிச்சென்று இருக்கும். வாங்கியவர் வீட்டில் பையைத் திறந்து முந்திரி தேடுவார். வரகு அரிசிச் சோற்றைப் படமெடுத்துச் சாமைப் பையில் போடுவதும் அதே வகைத் தவறுதான். உங்கள் சாமையையே வடித்து, உங்கள் கிண்ணத்திலேயே படமெடுங்கள்.

சோதனை சொல்லாதது

ஐந்து விநாடிச் சோதனை, பை கண்ணில் படுமா, பொருள் புரியுமா என்ற இரண்டை மட்டுமே சொல்லும். எடுத்தவர் வாங்குவாரா, வாங்கியவர் மறுபடி வருவாரா என்பது விலையையும் சோற்றையும் பொறுத்தது. அதைக் கடை விற்பனையில்தான் பார்க்க முடியும். வாய்ப்பு இருந்தால் ஸ்டிக்கர் முறையிலோ டிஜிட்டல் அச்சிலோ சில நூறு பைகள் மட்டும் செய்து, நான்கு கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கடையில் பழைய பை, இரண்டு கடையில் புதுப் பை, இரண்டு வாரம். பிறகு கடைகளை மாற்றிப் போட்டு இன்னும் இரண்டு வாரம். மாதத்தின் முதல் வாரம் சம்பள வாரம், கடைசி வாரம் கை வறண்ட வாரம் என்பதால், மாற்றிப் போடாமல் ஒப்பிட்டால் கணக்கு தவறும்.

பக்கத்துப் பைகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் கருநீலம் நன்றாக விற்றால், அடுத்த ஆண்டே அதே தட்டில் இன்னும் மூன்று கருநீலப் பைகள் வந்து நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே தட்டை அதே இடத்தில் நின்று படமெடுத்துத் தேதி எழுதி வையுங்கள். சிலிண்டர்கள் தேய்ந்து மறுபடி செய்ய வேண்டிய நேரம் வரும்போது, பின்னணி நிறத்தை மாற்றலாமா வேண்டாமா என்பதை அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.